‘சேதாரம் இல்லை’: ஒரு ஸ்லைடும் ஒரு ஸ்க்ரோலும்

எங்கள் ஊர் தியேட்டரில் இடைவேளை விட்டதும் முதலில் வருவது முறுக்கு வாசனை. அதற்குப் பிறகு ஸ்லைடுகள். ஓடும் படத்துக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு ஸ்லைடு புரொஜெக்டர் இருக்கும். அதில் ஒரே நேரத்தில் இரண்டு கண்ணாடித் தகடுகள் பொருந்துகிற மரச்சட்டம். ஆபரேட்டர் ஒரு பக்கம் தள்ளினால் ஒரு விளம்பரம், மறுபக்கம் தள்ளினால் அடுத்தது. அதனால் எல்லா விளம்பரமும் திரைக்குள் பக்கவாட்டில்தான் நுழையும். சில நாள் தகடு தலைகீழாக நுழையும். மொத்தக் கொட்டகையும் விசிலடிக்கும். விளக்குச் சூட்டில் விரிசல் விட்ட தகடு என்றால் கடைப்பெயரின் குறுக்கே மின்னல் வெட்டிய மாதிரி ஒரு கோடு.

அந்த வரிசையில் எப்போதும் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வருகிற நகைக்கடை ஸ்லைடு ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. காரணம் போகப் போகத் தெரியும். கரும்பச்சைப் பின்னணி. மேலே மஞ்சளில் ஓர் அம்மன் பெயர், அதன் பின்னால் ஜுவல்லரி. நடுவில் ‘916 கே.டி.எம்.’ கீழே ‘பஜார், கும்மிடிப்பூண்டி’. அவ்வளவுதான். கழுத்தில் நகையோடு சிரிக்கிற பெண் கிடையாது. போன் நம்பர் கிடையாது. ‘வாருங்கள்’ கிடையாது. எனக்கு இப்போது ஆச்சரியம் தருவது, ‘தங்கம்’ என்ற சொல்கூட அதில் இல்லை என்பது.

இதை ஹைக்கூ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நம்ம பக்கத்தில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சொற்கள் குறைவாக எது இருந்தாலும் ஹைக்கூ, ஆட்டோவின் பின்பக்கம் எழுதியிருப்பதெல்லாம் கவிதை. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கவிதையில் சொல்லாமல் விட்டதை வாசகன் நிரப்பிக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே சொல்லாமல் விட்டதற்கு ஒரு விலை இருந்தது. எங்கள் வீட்டில் அதைக் கிராம் கணக்கில் கொடுத்தோம்.

முதலில் அந்த ஸ்லைடு யாருக்காக எழுதப்பட்டது என்று பார்க்கணும். கும்மிடிப்பூண்டி சென்ட்ரலிலிருந்து வருகிற மின்சார ரயில்களில் பலவற்றுக்குக் கடைசி ஸ்டேஷன். அதைத் தாண்டி எளாவூர், ஆரம்பாக்கம், அப்புறம் ஆந்திரா. ஜி.என்.டி. சாலையிலிருந்து திரும்பினால் சிப்காட். ரோலிங் மில், உருக்காலை, டயர், கெமிக்கல். பஜாரில் பாதிப் பேர் தெலுங்கு பேசுவார்கள். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களில் ஒடியாவும் இந்தியும் பேசுகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் கூடிக்கொண்டே போனார்கள். இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாமும் இங்கேதான் இருக்கிறது. அவர்கள் பவுன் என்று சொல்கிற அழகே வேற. இத்தனை பேருக்கும் பொதுவாக எழுத ஒரு நகைக்கடைக்காரருக்கு என்ன மொழி இருக்கிறது? எண்தான். 916-ஐ ஒவ்வொருவரும் தன் தன் மொழியில் வாசித்துக்கொள்ளலாம். தமிழில் ‘தொள்ளாயிரத்துப் பதினாறு’ என்று யாரும் வாசித்ததில்லை. எங்க ஊர் பஜாரில் அது ‘நைன் ஒன் சிக்ஸ்’. அப்படியே அது ஒரு பெயர்ச்சொல் ஆகிவிட்டது. ‘நைன் ஒன் சிக்ஸ் வாங்கிட்டு வந்தேன்’ என்றால் நகை வாங்கி வந்தேன் என்றுதான் பொருள்.

அந்த எண்ணின் கணக்கு எளிது. சுத்தத் தங்கம் 24 காரட். நகை 22 காரட். 22-ஐ 24-ஆல் வகுத்தால் 0.916. ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், மீதி செம்பும் வெள்ளியும் மாதிரியான சேர்க்கை. ஆக அது தூய்மையின் அளவு. ஆனால் ஸ்லைடில் அதற்குப் பக்கத்திலேயே நிற்கிற ‘கே.டி.எம்.’ வேறு ஜாதிச் சொல். காட்மியம் என்பதிலிருந்து வந்தது. அது தங்கத்தின் பெயர் இல்லை, பற்றவைப்பின் பெயர்.

ஒரு சங்கிலியில் எத்தனை கண்ணி இருக்கிறதோ அத்தனை பற்று உண்டு. பழைய முறையில் ஆசாரிகள் பற்றவைக்கப் பயன்படுத்திய பொடியில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான் தங்கம், மீதி செம்பு. கண்ணி 22 காரட்டாக இருந்தாலும் பற்று அப்படி இருக்காது. மொத்தச் சங்கிலியை உருக்கினால் தூய்மை இறங்கிவிடும். இதைச் சரி செய்ய வந்ததுதான் காட்மியம். 92 பங்கு தங்கம், 8 பங்கு காட்மியம் சேர்த்த பற்று. அதன் தூய்மையும் கிட்டத்தட்ட 22 காரட் என்பதால் உருக்கினாலும் இறங்காது. நல்ல தீர்வுதான், ஆனால் சூட்டில் ஆவியாகும் காட்மியம் ஊதுகுழலில் வாய் வைத்து உட்கார்ந்திருக்கும் ஆசாரியின் நுரையீரலுக்குள் போகும். அதனால் ஹால்மார்க் நகையில் காட்மியத்துக்கு இடமில்லை. கடைப்பலகைகளிலோ ‘கே.டி.எம்.’ என்பது தரத்தின் பட்டம் மாதிரி பல வருஷம் நின்றது. அது ஒரு தொழிலாளியின் மூச்சைக் கெடுக்கிற உலோகத்தின் சுருக்கப் பெயர் என்று இடைவேளையில் முறுக்கு தின்றவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு இன்ஜினியரிங் முடிக்கிற வரைக்கும் தெரியாது.

இப்போது ஸ்லைடின் இலக்கணத்துக்கு வருகிறேன். ‘916 கே.டி.எம்.’ வாக்கியமா? தமிழில் பெயர்ச்சொல்லே பயனிலையாக நிற்கலாம். ‘இது தங்கம்’ என்றால் வாக்கியம் முடிந்தது, வினை தேவையில்லை. எழுவாயையும் விட்டுவிட்டு ‘தங்கம்’ என்று மட்டும் சொன்னாலும் சூழலில் அது வாக்கியம்தான். அந்த வசதிக்குள்தான் இந்த ஸ்லைடு குடியிருக்கிறது. ‘எங்கள் நகைகள் எல்லாம் 916’ என்று அது சொல்லவில்லை. ‘916 நகைகளும் எங்களிடம் கிடைக்கும்’ என்றும் சொல்லவில்லை. எண்ணைக் கடைப்பெயருக்குக் கீழே வைத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து ‘இந்தக் கடை நகை 916’ என்று வாக்கியம் அமைத்தது நாம். கொடுத்த வாக்கு கடைக்காரருடையது இல்லை, நம்முடையது.

அப்படியும் ஸ்லைடை நான் குறை சொல்ல மாட்டேன். கையால் எழுதிய எழுத்து. 1978-க்குப் பின் பள்ளிக்கூடத்தில் லை, னை எல்லாம் மாறிவிட்டாலும் ஸ்லைடு எழுதுகிறவர் பழைய கொம்பையே போட்டிருப்பார். அசையாமல் நிற்கும். பத்து விநாடியில் மொத்தத்தையும் இரண்டு தடவை படித்துவிடலாம். எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். ஏமாற்றம் இருந்தால்கூட முழுசாக நம் முன்னால் நிற்கிற ஏமாற்றம்.

ஸ்க்ரோல் அப்படி இல்லை.

அதே கடை லோக்கல் கேபிள் சேனலிலும் விளம்பரம் கொடுத்தது. கேபிள்காரர் அறையில் ஒரு வி.சி.டி. பிளேயர், ஒரு கம்ப்யூட்டர். படம் பிளேயரிலிருந்து வரும், அதன் மேல் எழுத்தைக் கம்ப்யூட்டர் ஓட்டும். திரையின் அடியில் நீலப்பட்டை, அதில் வலமிருந்து இடமாக: ‘சேதாரம் இல்லை ★ 916 கே.டி.எம். ★ (கடைப்பெயர்) ★ பஜார், கும்மிடிப்பூண்டி ★’. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. நாள் முழுக்க.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1994-இன் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் விளம்பரம் நிகழ்ச்சியில் குறுக்கிடக் கூடாது என்றிருக்கிறது. அதற்கு உதாரணமாகவே, திரையின் கீழ்ப்பகுதியில் நிலையாகவோ நகர்ந்தோ எழுத்து போடுவதைச் சொல்லியிருக்கிறார்கள். அதாவது நான் வாசிக்கப் பழகியதில் பாதி, விதிக்குப் புறம்பான இலக்கியம்.

தொழில்ரீதியாக எனக்குப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய டி.வி. சிக்னலில் படத்தின் அகலம் 720 புள்ளி, விநாடிக்கு 50 தடவை அரைப்படமாகப் புதுப்பிக்கப்படும். எழுத்து நடுங்காமல் ஓட வேண்டும் என்றால் ஒவ்வொரு தடவையும் முழு எண்ணிக்கையில் நகரணும், ஒன்றரைப் புள்ளி நகர்த்தினால் எழுத்து விக்கும். ஒரு புள்ளி என்றால் ரொம்ப மெதுவு. இரண்டு வைத்தால் விநாடிக்கு 100 புள்ளி. அப்போது ஓர் எழுத்து வலது ஓரத்தில் தோன்றி இடது ஓரத்தில் மறைய 7.2 விநாடி ஆகும். மூன்று வைத்தால் 4.8. மெல்லிய கோடுகள் அரைப்பட மாற்றத்தில் துடிக்கும் என்பதால் எழுத்தைத் தடிமனாகவும் போடணும். தமிழ் எழுத்து ஏற்கெனவே அகலம். ஓர் எழுத்துக்குச் சுமாராக 28 புள்ளி என்று வைத்தால், 45 எழுத்துள்ள விளம்பரம் 1,260 புள்ளி நீளம். திரையோ 720. ஆக எந்த நொடியில் பார்த்தாலும் விளம்பரத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் கண்ணில் படும். முழு விளம்பரம் ஒரு நாளும் ஒரே சமயத்தில் திரையில் இருந்ததே இல்லை.

அதோடு, ஸ்க்ரோலுக்குத் தொடக்கம் கிடையாது. எழுதியவருக்கு ‘சேதாரம்’ முதல் சொல். பார்க்கிறவருக்கு, சாம்பாரைத் தாளித்துவிட்டு எட்டிப் பார்த்த நொடியில் எது ஓடுகிறதோ அதுதான் முதல் சொல். என் தங்கச்சி எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயசில் ஸ்க்ரோலைத்தான் பாடப்புத்தகமாக வைத்திருந்தாள். ஒரு நாள் சத்தமாகப் படித்தாள்: “இல்லை நைன் ஒன் சிக்ஸ்.” அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். “அதக் கேட்டா கடைக்காரன் அழுதுடுவான்டி” என்றாள்.

தங்கச்சி படித்ததில் தப்பு ஒன்றுமில்லை. ஸ்க்ரோலில் உள்ள ஒரே பயனிலை ‘இல்லை’தான். மற்றதெல்லாம் பெயர்கள், எண், ஊர். ஒரு நகைக்கடை தன்னைப் பற்றித் துணிந்து சொல்கிற ஒரே செய்தி ஒன்று இல்லை என்பது. ‘இல்லை’ என்ற சொல்லையும் கொஞ்சம் கவனிங்க. அதற்குக் காலம் கிடையாது. நேற்றும் இல்லை, இன்றும் இல்லை, எல்லாவற்றுக்கும் அதே வடிவம்தான். ஆள் வேறுபாடும் கிடையாது. எனக்கு இல்லையா, உனக்கு இல்லையா, எந்த நகைக்கு இல்லை, எத்தனை நாள் வரை இல்லை, ஒன்றும் தெரியாது. ‘வாங்க மாட்டோம்’ என்று எழுதியிருந்தால் அதில் ஒரு ‘நாங்கள்’ வந்திருக்கும். ‘இல்லை’யில் அந்தப் பொறுப்பும் இல்லை.

சேதாரம் என்பது நகை செய்யும்போது அராவுவதிலும் உருக்குவதிலும் பொடியாகப் போகிற தங்கத்துக்கான கணக்கு. பில்லில் அது சதவீதமாக ஏறும். செய்கூலி என்பது வேலைக்கான கூலி. கணக்குக்கு வசதியாகக் கிராம் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பவுன் சங்கிலி, 16 கிராம், 80,000 ரூபாய். சேதாரம் 12 சதவீதம் போட்டால் 1.92 கிராம், அதாவது 9,600 ரூபாய் கூடும். அடுத்த கடையில் சேதாரம் இல்லை, ஆனால் செய்கூலி கிராமுக்கு 600. பதினாறால் பெருக்கிப் பாருங்கள், அதே 9,600. விளம்பரம் பொய் சொல்லவில்லை. பில்லின் ஒரு வரியை வாயால் அழித்துவிட்டு அடுத்த வரியைப் பற்றி மௌனமாக இருந்தது. பட்டையில் இடம் இல்லை, எழுத்து ஓடுகிறது என்ற சாக்கு அந்த மௌனத்துக்குக் கிடைத்தது. குறைந்த சொற்களுக்கு அழகு இருக்கிறது என்று பேசுகிற விமர்சகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும் என்று நினைக்கிறேன்.

பெரிய கடைகள் இதற்கு எதிர்த்திசையில் போனதையும் இங்கே சொல்லணும். லலிதா ஜுவல்லரியின் உரிமையாளர் கிரண்குமார் தானே திரையில் வந்து சேதாரம், விலை, ஒப்பீடு என்று வாய் ஓயாமல் பேசினார். அதைக் கிண்டல் செய்து மீம் போட்ட தலைமுறைதான் நாம். ஆனால் பில்லில் இப்படியொரு வரி இருக்கிறது, அதைக் கேட்கலாம் என்று எங்க அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தது அந்தப் பேச்சுதான். அழகியல் அடிப்படையில் எனக்கு அந்த ஸ்லைடுதான் பிடிக்கும். வாங்குகிறவர் பக்கமிருந்து பார்த்தால் பேச்சு பரவாயில்லை.

இனி எங்க வீட்டுச் சங்கிலி. அப்பா ரோலிங் மில்லில் இருந்தார். ஒரு தீபாவளி போனஸும் ஒரு சீட்டும் சேர்ந்து வந்தபோது தங்கச்சிக்கு என்று இரண்டு பவுனில் சங்கிலி வாங்கினார். ஸ்லைடில் பார்த்த கடை, ஸ்க்ரோலில் பார்த்த கடை. உள்ளே போய் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “நைன் ஒன் சிக்ஸ் தானே?” கடைக்காரர் கொக்கியைத் திருப்பிக் காட்டினார். 916 என்று குத்தியிருந்தது. ஹால்மார்க் திட்டம் 2000-லேயே வந்துவிட்டாலும் அப்போது கட்டாயம் இல்லை. அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் குத்திக்கொள்ளலாம். அப்பாவுக்கு ஸ்லைடில் இருந்த அதே எழுத்து நகையிலும் இருந்தது, அது போதுமாக இருந்தது.

பல வருஷம் கழித்து அந்தச் சங்கிலியைக் கொடுத்து வேறு நகை எடுக்க நானும் தங்கச்சியும் சென்னை போனோம். காரட் மீட்டரில் வைத்தார்கள். எக்ஸ் கதிரை நகையின் மேல் விட்டுத் தங்கத்தின் பங்கைச் சொல்கிற கருவி அது. மேற்பரப்பில் மெல்லிய அளவுக்குத்தான் பார்க்கும், ஆழம் தெரியாது. கண்ணியின் நடுவில் வைத்தபோது 91.5 காட்டியது. தங்கச்சி முகம் மலர்ந்தது. அப்புறம் எடுத்து உருக்கினார்கள். உருக்கிய கட்டியில் ஏறத்தாழ 88.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியவர் நிதானமாக விளக்கினார். “கண்ணி நல்ல தங்கந்தாம்மா. பத்துதான் பழைய பொடி. இது கே.டி.எம். கிடையாது.”

அவர் சொன்ன தர்க்கத்தை ரயிலில் வரும்போது போட்டுப் பார்த்தேன். கண்ணியே தரம் குறைவாக இருந்தால் முதல் அளவீடே இறங்கியிருக்கும். கண்ணி சரியாகவும் கட்டி குறைவாகவும் இருந்தால் வித்தியாசம் பற்றில் இருக்கிறது. அறுபது சதவீதப் பற்று என்றால், மொத்த எடையில் ஒன்பதில் ஒரு பங்கு பற்றாக இருந்தால் 91.6 என்பது 88-க்கு இறங்கும். பொடிக் கண்ணிகள் உள்ள மெல்லிய சங்கிலியில் அது நடக்கிற காரியம்தான். 16 கிராமில் 916 கணக்குப்படி 14.66 கிராம் சுத்தத் தங்கம் இருக்கணும். இருந்தது 14.08. அரை கிராமுக்குச் சற்று மேல் காணோம்.

ஸ்லைடின் நடுவரியில் இரண்டு சொல்தான். முதல் சொல் உண்மை, இரண்டாவது பொய். இரண்டையும் ஒரே மஞ்சளில், இடைவெளி கூட இல்லாமல் ஒட்டி எழுதியிருந்ததால் ஒன்றின் உண்மை இன்னொன்றுக்கும் பரவியிருந்தது. அப்பா கடையில் கேட்டதும் முதல் சொல்லைப் பற்றித்தான். கே.டி.எம். என்றால் என்ன என்று அவர் கேட்கவே இல்லை, அது 916-இன் வால் என்று நினைத்திருக்கிறார். கடைக்காரருக்காவது தெரிந்திருந்ததா என்பது வேறு விஷயம். சங்கிலி எங்கோ ஒரு பட்டறையிலிருந்து மொத்தமாக வந்திருக்கும், அவருக்கும் யாரோ இரண்டு சொல்லில்தான் சொல்லியிருப்பார்கள்.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. “தியேட்டர்ல போட்டானேடா” என்றார். ஊர் முழுக்கப் பார்க்க ஒன்றை எழுதினவன் அதைக் காப்பாற்றுவான் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில்தான் ஸ்லைடு வேலை செய்தது, சொற்களில் இல்லை. தியேட்டரில் நானூறு பேர் ஒன்றாக வாசித்தது, அடுத்த நாள் பஜாரில் அந்தக் கடையைத் தாண்டித்தான் நடப்பார்கள், பொய்யென்றால் கேட்பார்கள் என்ற எண்ணம். ஸ்க்ரோலை அப்படி யாரும் ஒன்றாக வாசித்ததில்லை. அவரவர் வீட்டில், அவரவர் எட்டிப் பார்த்த நொடியில், பாதி பாதியாக.

2021 ஜூன் 16 முதல் ஹால்மார்க் கட்டாயமாக்கப்பட்டது, முதலில் குறிப்பிட்ட மாவட்டங்களில். அடுத்த மாதத்திலிருந்து நகையில் மூன்று குறிகள்: பி.ஐ.எஸ். முத்திரை, 22K916, பிறகு ஆறு இலக்க அடையாள எண். எழுத்தும் எண்ணும் கலந்த அந்த ஆறு, ஒவ்வொரு நகைக்கும் தனி. போனில் BIS CARE செயலியில் அடித்தால் நகை எங்கே சோதிக்கப்பட்டது, என்ன தரம் என்று வரும். 2023 ஏப்ரல் முதல் அந்த ஆறு இலக்கம் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடையில் விற்க முடியாது. ஒரு விமர்சகனாக நான் இதுவரை வாசித்த நகை விளம்பரங்களிலேயே மிகச் சிறியது அதுதான். வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு, பூதக்கண்ணாடி கேட்டு வாங்கணும். ஆனால் அதைத் திருப்பிக் கேள்வி கேட்கலாம், பதில் வரும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். தியேட்டரில் இப்போது விளம்பரம் எல்லாம் வீடியோதான், பெரிய கடைகளுடையது. கேபிளில் செட்டாப் பாக்ஸ் வந்தபின் லோக்கல் சேனல் எந்த எண்ணில் இருக்கிறது என்று அம்மாவுக்கே தெரியவில்லை. தேடிப் பிடித்தோம். நீலப்பட்டை அப்படியே ஓடுகிறது. ‘சேதாரம் இல்லை ★ 916 ஹால்மார்க் ★’ என்று மாற்றியிருக்கிறார்கள். கே.டி.எம். எப்போது போனது என்று யாருக்கும் நினைவில்லை. சாயங்காலம் பஜார் பக்கம் நடந்தபோது கடைப்பலகையைப் பார்த்தேன். 916-க்குப் பக்கத்தில் ‘ஹால்மார்க்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பின்னால் இருக்கிற ட்யூப்லைட் வெளிச்சத்தில், ஸ்டிக்கருக்கு அடியில் பழைய மூன்று எழுத்தும் நிழலாகத் தெரிந்தன.